யாருடைய பலன்?

திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்தில் ரமண மகரிஷி, 1896இல் மதுரை வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலை போனார். அப்போது அவருக்கு வயது 16. அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1898 டிசம்பரில் அம்மா அழகம்மாள் மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வரும்படி பல நாள் அழுது கெஞ்சினார். மகன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் வற்புறுத்தியதும் ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்தார்: நடக்க வேண்டியது நடக்கும், நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்பது அதன் சாரம்.

இந்தப் பதிலைப் பலன் கருதாத செயலுக்குச் சான்றாகப் படிக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கீதை செயலைக் கைவிடச் சொல்லவில்லை. செய், பலனைப் பிடித்துத் தொங்காதே என்கிறது. அந்தத் தாளோ முயற்சியையே வீண் என்கிறது. அதைவிட முக்கியம், அங்கே துறக்கப்பட்டது மகனின் பலன் மட்டுமல்ல. விதவையான ஒரு தாயின் இழப்பும் அதில் சேர்ந்திருந்தது. அதைத் துறக்க அவர் சம்மதிக்கவில்லை.

விளைவை வைத்து மட்டும் அளந்தால் அழகம்மாளின் பயணம் தோல்வி. அமர்த்திய சென் 2009இல் நீதி குறித்து எழுதிய நூலில் அர்ஜுனன் பக்கம் நிற்கிறார். விளைவு என்பது கடைசியில் மிஞ்சுவது மட்டுமல்ல, யார் யாருக்கு என்ன செய்தார் என்பதும் விளைவுக்குள் அடங்கும் என்கிறார். அப்படிப் பார்த்தால் அம்மா கேட்டதும் மகன் மறுத்ததும் கணக்கில் வந்துவிடும்.

1916இல் அழகம்மாள் மகனோடு தங்க வந்தார். பிச்சையெடுத்து உண்டவர்களுக்கு அவர்தான் அடுப்பு மூட்டிச் சமைத்தார். 1922இல் இறந்தபோது மகன் அருகிலேயே இருந்தார். அவர் முக்தி அடைந்ததாகச் சொல்லிச் சமாதி எழுப்பினார்கள். அதன்மேல் கட்டிய மாத்ருபூதேசுவரர் கோவிலுக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தது. பலன் பார்க்காதே என்ற மரபு அவரை நினைவு வைத்திருப்பது அவர் அடைந்த பலனுக்காக. ஆறு வருட சமையல் அதற்கு முன்னுரையாகிவிட்டது.

அருப்புக்கோட்டைக் கரிசலில் புரட்டாசி வாக்கில் மழையை நம்பி விதைக்கிறார்கள். மழை கையில் இல்லை. உழவையும் விதைப்பையும் ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதை விடு என்ற பேச்சு நிலக்காரருக்குத் தைரியம் தரும். அதே காட்டில் குனிந்து களையெடுக்கும் பெண்ணுக்கு விளைச்சலில் பங்கு கிடையாது, அன்றைய கூலிதான் உண்டு. அந்தக் கூலியையும் எண்ணாதே என்றால் லாபம் அடுத்தவருக்குப் போகும்.

தன் பலனை ஒருவர் தானே விடலாம். அடுத்தவரின் பலனை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டு அவருடைய குறையைப் பற்று என்று பெயரிடக் கூடாது. ஒரு செயலைப் பலன் கருதாதது என்று யாராவது சொன்னால், அந்தப் பலன் யாருக்குச் சேர்ந்தது, இழப்பு யார் தலையில் விழுந்தது என்று கேட்போம். அழகம்மாள் பவழக்குன்றில் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.