சந்தை சரிந்த ஆண்டில் யாருக்கு என்ன தரம்?

2019-20 நிதியாண்டில் இந்தியாவில் நடுத்தர, கனரக வணிக வாகனங்களின் விற்பனை முந்தைய ஆண்டைவிட 42 விழுக்காடு சரிந்தது. 2018இல் லாரிகள் ஏற்றக்கூடிய பாரத்தின் வரம்பை அரசு உயர்த்தியதால், இருக்கிற வண்டிகளே போதும் என்றாயிற்று. அதே ஆண்டில் நிதி நிறுவனமான ஐ.எல்.எஃப்.எஸ். கடனைத் திருப்பித் தர முடியாமல் விழுந்தபின், வாகனக் கடன் கிடைப்பதும் அரிதானது. எந்த விற்பனையாளராலும் இவற்றைத் தடுத்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட ஆண்டில் பழைய இலக்கை வைத்தே அளந்தால் அணி முழுவதும் கடைசித் தரத்தில் விழும். எல்லோருக்கும் நடுத்தரம் கொடுத்தால், அலைந்து திரிந்து விற்றவரும் சும்மா இருந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதனால் பல நிர்வாகங்கள் எல்லோருடைய இலக்கையும் ஒரே விகிதத்தில் குறைக்கின்றன. பார்க்க நியாயமாக இருக்கும் இந்த வழிதான் அதிகம் ஏமாற்றுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதலாமவருடைய பகுதியில் சென்ற ஆண்டு 1,000 லாரிகள் விற்றன. அவர் விற்றது 200. இரண்டாமவருடைய பகுதியில் 400 விற்றன. அவர் விற்றது 100. அவர்களுக்கு இந்த ஆண்டு வைத்த இலக்குகள் 220, 110. இந்த ஆண்டு முதல் பகுதியின் சந்தை 500ஆகப் பாதியானது. சாலைப் பணிகள் நடந்த இரண்டாம் பகுதி 320இல் நின்றது. முதலாமவர் 110 லாரிகளும் இரண்டாமவர் 77 லாரிகளும் விற்றார்கள்.

இலக்குகளை 42 விழுக்காடு குறைத்தால் முதலாமவர் 86 விழுக்காடுதான் எட்டுகிறார், இரண்டாமவருக்கோ 121. ஆனால் பழைய சந்தைப் பங்கைக் காத்திருந்தால் முதலாமவர் விற்றிருக்க வேண்டியது 100, இரண்டாமவர் 80. பங்கை உயர்த்தியவர் முதலாமவர், இழந்தவர் இரண்டாமவர். ஒரே விகிதக் குறைப்பு இவர்களுடைய வரிசையையே தலைகீழாக்கிவிட்டது.

ஆகவே, அந்தந்தப் பகுதியின் சந்தையை வைத்தே இலக்கைத் திருத்த வேண்டும் என்பதே என் தீர்ப்பு. விற்பனையாளரின் முயற்சியைப் பற்றி ஏதேனும் சொல்லும் தகவலை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று பொருளியலாளர் பெங்ட் ஹோம்ஸ்ட்ரம் 1979இல் நிறுவியதும் இதற்குத் துணை நிற்கிறது.

ஆனால் பங்கை எதை வைத்து எண்ணுவது? ஆலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கையை நம்பக்கூடாது. மார்ச் மாதத்தில் டீலர் களத்தில் வண்டிகளைத் தள்ளிவிட்டுக் கணக்குக் காட்டலாம். ஆர்.டி.ஓ. வாரியாகப் பதிவான வண்டிகளை எண்ணினால் அந்த வித்தை செல்லாது. தள்ளுபடியை வாரி இறைத்தும் பங்கை வாங்கலாம் என்பதால், ஒரு வண்டிக்குக் கைக்கு வந்த விலையையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். மாதம் இரண்டு மூன்று வண்டிகளே விற்கும் சிறு பகுதிகளில் ஒரே வாடிக்கையாளர் பங்கை ஏற்றி இறக்கிவிடுவார். அங்கே இரண்டு ஆண்டுகளைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நிறுவனத்திடம் பணமில்லை என்றால் ஊக்கத்தொகை குறையலாம், தரம் குறையக்கூடாது. சந்தை மீளும் ஆண்டில் இதே சூத்திரம் இலக்கை உயர்த்தும் என்பதையும் ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.