தாமதம் எதைக் கெடுத்தது?

‘தாமதமாகத் தெரிவித்தீர்கள்’ என்று வாகன இன்சூரன்ஸ் கிளைம் நிராகரிக்கப்பட்டதும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போகும் மேல்முறையீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வீட்டில் உடம்பு சரியில்லை, வெளியூர் போயிருந்தேன், விதிமுறை தெரியாது, கருணை காட்டுங்கள். இப்படி எழுதுவதிலும் ஒரு பயன் உண்டு: தாமதத்தின் காரணம் கோப்பில் ஏறிவிடுகிறது, பின்னால் ஓம்பட்ஸ்மேனிடம் போனாலும் அது கைகொடுக்கும். ஆனால் காரணம் பாதி வாதம்தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்று விட்ட சுற்றறிக்கை, காலத்தில் தெரிவித்திருந்தாலும் இந்தக் கிளைம் நிராகரிக்கப்பட்டிருக்கும் என்று கம்பெனிக்குத் திருப்தி ஏற்பட்டாலன்றி, உண்மையான கோரிக்கையைத் தாமதம் ஒன்றையே காட்டித் தள்ளக் கூடாது என்கிறது. எனவே கடிதம் கேட்க வேண்டியது மன்னிப்பை அல்ல; ‘என் தாமதத்தால் உங்கள் விசாரணையில் எது கெட்டது?’ என்ற விளக்கத்தை.

பாலிசியில் ‘உடனடியாக’ என்று எழுதிக் கையெழுத்தான பிறகு அதைத் தளர்த்த எவருக்கு உரிமை என்று கம்பெனி கேட்கும். அற்பமான ஆட்சேபம் அல்ல அது. உச்ச நீதிமன்றமே முன்பு சில தீர்ப்புகளில் அந்தப் பக்கமும், வேறு சிலவற்றில் எதிர்ப்பக்கமும் சாய்ந்ததுண்டு. அந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் குர்ஷிந்தர் சிங் வழக்கு மூன்று நீதிபதிகள் முன் வந்தது. டிராக்டர் திருடு போன அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவானது, கம்பெனிக்குத் தகவல் போனதோ 52 நாள் கழித்து. திருட்டு என்றால் முதலில் ஓட வேண்டியது போலீஸிடம், வண்டியைத் தேடுவது அவர்கள் வேலை, எஃப்.ஐ.ஆரும் இறுதி அறிக்கையும் சர்வேயரின் அறிக்கையும் திருட்டு உண்மை என்று காட்டும்போது தகவல் தாமதம் மட்டும் கிளைமைக் கொல்லாது என்று 2020 ஜனவரியில் தீர்ப்பானது. ஆகவே திருட்டு கிளைமுக்கான கடிதத்தின் முதல் பத்தியிலேயே திருட்டுத் தேதி, எஃப்.ஐ.ஆர். எண், பதிவான நேரம், கம்பெனிக்குச் சொன்ன தேதி ஆகியவை வரிசையாக நிற்க வேண்டும். குடும்பச் சிரமம் அதற்குப் பின்னால் இரண்டு வரியில் அடங்கிவிடும்.

சட்டம் பேசினால் அதிகாரி முறைத்துக்கொள்வார், பணிந்து எழுதுவதே நல்லது என்பவர்களும் உண்டு. பணிவாக எழுதட்டும், தடையில்லை. ஆனால் நிராகரிப்பைத் திருப்ப அவர் கோப்பில் ஒரு காரணம் எழுதியாக வேண்டும், இரக்கத்தை அங்கே எழுத முடியாது.

இந்த வாதம் எல்லா இடத்திலும் செல்லாது. எஃப்.ஐ.ஆரே பல நாள் பிந்தியிருந்தால் அதன் அடித்தளம் ஆடிவிடும். மோதல் சேதத்திலோ நிலைமை இன்னும் கடினம்: சர்வேயர் பார்க்கும் முன்பே ஒர்க்‌ஷாப்பில் பம்பரை மாற்றி, நசுங்கிய கதவைத் தட்டி, பெயிண்டும் அடித்துவிட்டால் கம்பெனி சரிபார்க்க எதுவும் மிச்சமிருக்காது. அங்கே ‘எது கெட்டது?’ என்று கேட்டால் அவர்களிடம் நேர்மையான பதில் இருக்கிறது. பழுது பார்க்கும் முன் எடுத்த தேதியுள்ள படங்களும் கழற்றிய பாகங்களும் இருந்தால் மட்டுமே கடிதத்துக்குப் பிடிமானம் கிடைக்கும்.