முதலில் பயிற்சி, பின்னர் வேலையா?

கடுமையான மனநோயிலிருந்து மீண்டு வருவோருக்கு ஒரு நகரத்தில் வேலை தேடிக்கொடுப்பதற்கென முன்வைக்கப்படும் திட்டங்கள் பலவும் ஒரே வரிசையில் எழுதப்படுகின்றன. முதலில் நோய் தணிய வேண்டும். அடுத்துப் பயிற்சி நிலையம். அதன்பின் நோயாளருக்கென்றே அமைத்த பட்டறை. இறுதியிலேயே வெளியுலகின் வேலை. இவ்வரிசை கருணையின்பாற்பட்டதாகத் தோன்றலாம். ஆயினும், பட்டறையில் கடிதவுறை ஒட்டப் பழகியவர் கடிதவுறை ஒட்டுவதிலேயே தேர்ச்சி பெறுகிறார். கடையிலோ சமையலறையிலோ சக தொழிலாளரோடு நின்று உழைக்க அத்தேர்ச்சி அவருக்கு உதவுவதில்லை.

இவ்வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரைச் சேர்ந்த ரொபேர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர். முதலில் வேலை, பின்னர் அவ்வேலையிலேயே பயிற்சி என்பது அவர்களது முறை. வாஷிங்டன் நகரின் வறிய பகுதிகளில் வேலையின்றி இருந்த 152 பேரிடையே இம்முறை சோதிக்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1999இல் முடிவுகள் வெளிவந்தன. பதினெட்டு மாதங்களில், புதிய முறையில் சேர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு 61 பேர் வெளியுலகின் சாதாரண வேலையைப் பெற்றனர். பழைய வரிசையிற் சென்றோருள் அவ்வாறு பெற்றவர் நூற்றுக்கு 9 பேரே.

இம்முறை இயங்கும் விதத்தை ஓர் உதாரணத்தாற் காண்போம். முன்னர் உணவகச் சமையலறையில் வேலை செய்த ஒருவருக்கு இப்போது குரல்கள் கேட்கின்றன. இரவு மருந்தின் மயக்கம் முற்பகல் வரை நீடிக்கிறது. தொழில் உதவியாளர் அவரிடம் தகுதிப் பரீட்சை வைப்பதில்லை. எவ்வேலை விருப்பம் என்றே கேட்கிறார். ஒரு மாதத்துக்குள் முதலாளி ஒருவரை நேரிற் சந்தித்துப் பிற்பகல் வேலையொன்று பேசப்படுகிறது. நோயைப் பற்றிச் சொல்வதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் தொழிலாளியே. உதவிப்பணம் நின்றுவிடுமோ என்ற அச்சமும் கணக்கிட்டே தீர்க்கப்படுகிறது. வறியோருக்கான அமெரிக்க உதவிப்பணத்தில், வேறு வருமானம் இல்லாதவர் உழைக்கும் முதல் 85 டொலருக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் இரண்டு டொலருக்கு ஒரு டொலர் கழியும். மாதம் 485 டொலர் உழைத்தால் 200 டொலர் குறையும்; 285 டொலர் கையில் மிஞ்சும்.

மூன்றாம் வாரத்திற் பாத்திரங்களின் ஓசையாற் குரல்கள் மிகுகின்றன. அவர் இருமுறை வேலையை இடையில் விட்டுச் செல்கிறார். இங்கேதான் திட்டம் சோதனைக்குள்ளாகிறது. தொழில் உதவியாளர் வைத்தியக் குழுவின் வாராந்தக் கூட்டத்தில் அமர்பவராயின், செய்தி அவ்வாரமே வைத்தியரை எட்டும். மருந்தின் அளவும் நேரமும் ஆராயப்படும். தொழிலாளியின் சம்மதத்துடன் முதலாளியிடம் பேசி, அவரைப் பண்டசாலைப் பக்கம் மாற்றவும் முடியும். உதவியாளர் வேறு கந்தோரில் இருப்பவராயின், கடிதம் போய்ச் சேர்வதற்குள் வேலை போய்விடும். ஓர் உதவியாளரிடம் இருபது பேருக்கு மேல் ஒப்படைக்கலாகாது என்ற விதியும் இக்காரணம் பற்றியதே.

எனினும், வாஷிங்டன் முடிவின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. வேலை பெற்றோர் தொகையில் இத்துணை வேறுபாடு இருந்தும், இரு பிரிவினரின் மொத்த உழைப்பூதியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேலையின் வாயில் திறந்தது. வறுமையின் வாயில் மூடவில்லை. 2007இல் வெளியான, லண்டன், சோபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களின் ஆய்வும் இதனையே வேறொரு வகையிற் காட்டுகிறது. அங்கு ஒருநாளேனும் வேலை செய்தோர் புதிய முறையில் நூற்றுக்கு 55 பேர். பழைய முறையில் 28 பேர். ஆனால், அம்முறையின் பயன் நகருக்கு நகர் வேறுபட்டது. அவ்வவ்விடத்து வேலையில்லாத் திண்டாட்டம் அவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாயிற்று. நோயாளியின் மனத்தை மட்டும் ஆராய்ந்தால் இவ்வுண்மை புலப்படாது. தொழிற்சந்தையையும் ஆராய வேண்டும். சுகதேகிகளையே வெளியே நிறுத்திவைக்கும் சந்தை, நோயுற்றவரை உள்ளே அழைக்கும்போது எந்தக் கூலிக்கு அழைக்கிறது என்பதே வினா.

ஆகவே, இத்தகைய திட்டமொன்று ஒரு நகரத்தின் முன் வைக்கப்படும்போது அதன் முன்னுரையை நாம் நம்பவேண்டியதில்லை. விண்ணப்பித்த எத்தனை நாளில் ஒருவர் முதலாளியைச் சந்திப்பார்? சம்பளத்தைக் கொடுப்பவர் சாதாரண முதலாளியா, திட்டத்தின் பட்டறையா? வேலை கிடைத்த பின்னும் உதவி தொடருமா, தொண்ணூறாம் நாளில் முடிவடையுமா? ஓராண்டின் பின் எத்தனை பேர் வேலையில் நிலைத்தனர், அவர்தம் ஊதியம் யாது என்பன கணக்கில் எழுதப்படுமா? வேலைக்கு அனுப்பியோர் தொகையை மட்டும் எண்ணும் திட்டம், மூன்று வாரத்தில் வெளியேற்றப்பட்டவரையும் தன் வெற்றியாகவே எண்ணிக்கொள்ளும். அவ்வெற்றி அறிக்கையை எழுதியவருக்கு உரியது, உழைத்தவருக்கு உரியதன்று.