நள்ளிரவில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு

நான் மொழிபெயர்த்ததிலேயே மிகக் கவனமாக வாசிக்கப்பட்ட பிரதி ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். அதை வாசித்தவர் மாமா. இடம், பெர்லினில் ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடி. நேரம் இரவு 11.40. பக்கத்தில் அத்தை, படியேறி மூச்சு வாங்கும் பாட்டி, நாலு பெட்டி.

அவர்களுடைய மகள் டிரெஸ்டனில் படிக்கிறாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை, மதியத்துக்கு மேல்தான் பெர்லின் வர முடியும். முதல் ராத்திரிக்கு ஒரு வாடகை ஃபிளாட் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் பதினாலு குறிப்புகள் அனுப்பினார். எப்படி உள்ளே வருவது, என்னென்ன செய்யக் கூடாது, எல்லாம் ஒரே பட்டியலில். "தமிழ்ல போட்டுக் குடுத்துடுடா, அந்த நேரத்துல இங்கிலீஷ் மண்டையில ஏறாது" என்றார் மாமா. சாயங்காலம் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்தேன். அதில் எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சரியாக வந்தது. பெர்லினின் பழைய குடியிருப்புகளில் தெருவைப் பார்த்து ஒரு கட்டடம், அதன் வழியே உள்ளே போனால் ஒரு முற்றம், அதைத் தாண்டினால் இன்னொரு கட்டடம். இதற்கு ஜெர்மனில் ஹின்டர்ஹவுஸ் என்று பெயர். வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் 'பின்புற வீடு' என்கிற மாதிரி எழுதியிருந்தார். நான் 'முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டு' என்று போட்டேன். கும்பகோணத்தில் வளர்ந்த மாமாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நம்ம ஊர்ப் பின்கட்டு அதே வீட்டின் தொடர்ச்சி, இதுவோ தனிக் கட்டடம், தனிப் படிக்கட்டு. அதனால் 'அங்கே வேற கதவு இருக்கும்' என்று நாலு வார்த்தை சேர்த்தேன்.

மாமா கதவு எண்ணைத் தேடுவார் என்பதும் தெரியும். அந்த ஊரில் பெரும்பாலும் ஃபிளாட்டுக்கு எண் கிடையாது. அழைப்பு மணிப் பலகையிலும் கதவிலும் குடியிருப்பவரின் குடும்பப் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் பிரயோஜனமில்லை, பலகையில் இருக்கும் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. மொத்தத் தமிழ்ப் பிரதியில் அந்த ஒரு பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் விட்டேன்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. மூலத்தில் ஒரு குறிப்பு, சாவியை இடதுபக்கம் இரண்டு முறை திருப்பு என்று தொடங்கி, கதவை உன் பக்கம் இழுத்துப் பிடித்தபடி என்று முடிந்தது. ஆங்கிலத்தில் முக்கியமான வினை முன்னால் வருகிறது, கூடவே செய்ய வேண்டியது வாலாக வருகிறது. அதைப் படித்தவர் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கணும் என்பதற்கு வருவார். தமிழில் இது தானாகவே தலைகீழாகி, 'கதவை உங்க பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே, சாவியை இடதுபக்கமா ரெண்டு சுத்து சுத்துங்க' என்று வந்தது. கை எந்த வரிசையில் வேலை செய்யணுமோ அதே வரிசை.

ஆனால் அதே இலக்கணம் இன்னொரு இடத்தில் காலை வாரும். அந்தக் கதவின் வெளிப்பக்கம் திருகாத குமிழ்தான். சாத்தினால் பூட்டிக்கொள்ளும், பிறகு சாவி இல்லாமல் திறக்காது. மூலத்தின் எச்சரிக்கையை முதலில் 'சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தாதீர்கள்' என்று எழுதியிருந்தேன். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் படிக்கிறவர் மனசில், சாவியை உள்ளே வைத்து, வெளியே வந்து, கதவைச் சாத்துகிற வரைக்கும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் 'ஆதீர்கள்' வந்து சேர்கிறது. தூக்கக் கலக்கத்தில் படிப்பவருக்கு எதிர்மறையைக் கடைசி அசையில் வைக்கக் கூடாது. 'சாவி கையில இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம்தான் கதவைச் சாத்தணும்' என்று மாற்றினேன்.

இனி சொதப்பியது. 11.40க்கு, இங்கே விடிகாலை 3.10, போன் வந்தது. "ரெண்டு சுத்து சுத்திட்டேன்டா, திறக்கல." பின்னால் அத்தையின் குரல், "லைட்டு போச்சு, லைட்டு போச்சு." படிக்கட்டு விளக்கு சில நிமிஷத்தில் தானாக அணையும் வகை. என் பிரதியில் அது இல்லை, ஏனென்றால் மூலத்தில் இல்லை. பூட்டும் அப்படித்தான். இரண்டு சுற்றில் உள்ளே போவது தாழ் மட்டுமே. கதவைப் பிடித்திருக்கும் நாக்கு இன்னும் வெளியேதான் இருக்கும். அதே பக்கம் இன்னும் கால் சுற்று, ஸ்பிரிங் எதிர்ப்பதை மீறி அழுத்தித் திருப்பினால்தான் அதுவும் உள்ளே போகும். அந்த ஊரில் வளர்ந்த கைக்கு இது தெரியும், அதனால் வீட்டுக்காரர் எழுதவில்லை. டிரெஸ்டனில் தூங்கப் போனவளை எழுப்பித்தான் நானே தெரிந்துகொண்டேன். மாமா சாவி முட்டி நின்றதும் முடிந்துவிட்டது என்று விட்டிருக்கிறார். உண்மையில் சாவி முட்டி, லேசாகத் திருப்பித் தள்ளுகிறது என்றால் அதுதான் நாக்கு. அங்கே விடக் கூடாது, அழுத்தணும்.

மூலத்துக்கு விசுவாசம் என்று நாம் பேசுகிறோமே, இங்கே மூலம் எது? வீட்டுக்காரரின் வாக்கியத்துக்கு நான் விசுவாசமாகத்தான் இருந்தேன். கதவுக்கு இல்லை. உள்ளே வரும் வழியைச் சொல்லும் குறிப்பில் மூலம் அந்தக் கதவுதான். வாக்கியத்தில் இல்லாதது கதவில் இருந்தால் அதை விசாரித்துச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலை.

வீட்டு விதிகளில் கதை வேறு. சாவி தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவு விருந்தினருடையது என்று ஒரு விதி. மாமா பயந்துவிடுவாரே என்று 'சாவி பத்திரம்' என்று மட்டும் போட்டிருந்தேன். அது மொழிபெயர்ப்பே இல்லை, மறைப்பு. காசு கொடுக்கப்போவது அவர். சேர்க்கலாம் என்கிற உரிமை வழிக்குறிப்பில் உண்டு, குறைக்கலாம் என்கிற உரிமை விதியில் கிடையாது.

ஆனால் விதியின் இடத்தை மாற்றலாம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரத்தை மதிக்கவும் என்பது மூலத்தில் பன்னிரண்டாவது குறிப்பு. 'மதிக்கவும்' என்று அப்படியே போட்டேன். 11.40க்கு வருகிறவர்களுக்கு அந்த விதி முற்றத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. கல் பாவிய தரையில் நாலு பெட்டியின் சக்கரமும் கடகடவென்று உருண்ட பிறகு, வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்து பன்னிரண்டாவது குறிப்பைப் படித்தார்கள். மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தியது அப்போதுதான் அத்தைக்குப் புரிந்ததாம்.

அவர்கள் திரும்பி வந்த பிறகு பிரதியைத் திருத்தி வீட்டுக்காரருக்கே அனுப்பினேன், இன்னொரு தமிழ்க் குடும்பம் வந்தால் ஆகும் என்று. இப்போது அதன் நடுப்பகுதி இப்படி இருக்கிறது:

முற்றத்தில் பெட்டிகளை உருட்டாமல் தூக்கிக்கிட்டுப் போங்க. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது இங்கே விதி.

பின்கட்டுப் படிக்கட்டில் விளக்கு தானா அணைஞ்சிடும். ஒவ்வொரு மாடியிலும் மினுக்குற பட்டனை அழுத்தினா திரும்ப எரியும்.

கதவை உங்க பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே, சாவியை இடதுபக்கமா ரெண்டு சுத்து சுத்துங்க.

சாவி முட்டும். விட்டுடாம, அதே பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்புங்க. கதவு திறக்கும்.