கம்பத்தில் கிளினிக், மானிப்பாயில் டிஸ்பென்சரி

மாலையில் ஏலத்தோட்ட வேலை முடிந்ததும் ஜீப்புகள் குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் மலையிறங்கிக் கம்பம் வந்து சேரும். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்தவர்களில் யாராவது ஒருவருக்குக் காய்ச்சலோ முதுகுவலியோ இருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு எட்டு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர் எந்தப் படியேறுவார்? கண்ணாடி முகப்பும் “மல்டி ஸ்பெஷாலிட்டி” பலகையும் உள்ள கட்டடத்தைக் கண்டால் கை தானாக மடியிலிருக்கும் பணத்தைத் தடவும். ஸ்கேன் எடுக்கச் சொல்வார்களோ, படுக்க வைத்துவிடுவார்களோ என்ற கணக்கு வாசலிலேயே தொடங்கிவிடும். பக்கத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பெயரும் “கிளினிக்” என்ற சொல்லும் மட்டும் தெரிந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்.

இந்தப் பள்ளத்தாக்கில் பயத்துக்கு ஏற்கெனவே முகவரிகள் உண்டு. “க.விலக்குக்குக் கொண்டு போயிட்டாங்களாம்” என்றால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; விஷயம் கொஞ்சம் பெரிது. “மதுரைக்கு ஏத்திட்டாங்க” என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை ஊர் இன்றும் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறது. கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலைக்கும் அதே பெயர்தான். இரு கரையிலும் பெரியாஸ்பத்திரி என்பது கடைசியில் போகிற இடம். அதன் சாயல் விழாத பெயரைத்தான் சின்ன மருத்துவ இல்லம் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடல்தான் இரண்டு நாட்டிலும் இரண்டு விதமாகப் போகிறது.

இந்தியாவில் பெயர்ப் பலகைக்கு ஒரு நெறியே உண்டு. பல டாக்டர்களுக்கு அது படித்த காலத்தோடு மறந்துபோன பாடம். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகள், வழக்கத்துக்கு மீறிய பெரிய பலகை வைப்பது முறையல்ல என்கின்றன. பலகையில் பெயர், பல்கலைக்கழகமோ சட்டபூர்வ அமைப்போ தந்த பட்டம், சிறப்புத் துறை, பதிவு எண், எந்த மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு என்பவற்றைத் தாண்டி எதுவும் எழுதக் கூடாது. மருந்துச் சீட்டுக்கும் இதே அளவுகோல்தான். தான் வசிக்காத, வேலை பார்க்காத இடத்திலும் மருந்துக் கடையிலும் பலகை மாட்டுவதும் முறையல்ல. அமைதியான பலகை எப்படி இருக்கும் என்று விளம்பரக்காரரிடம் கேட்க வேண்டியதே இல்லை. இந்த விதியைப் படித்தால் போதும். இதோடு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். பதிவில் ஆலோசனை அறை, பலகையில் “ஹாஸ்பிடல்” என்று இருந்தால் நோயாளியும் குழம்புவார், ஆய்வுக்கு வருகிற அதிகாரியும் கேள்வி கேட்பார்.

பெயரில் அடக்கம் எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தேனியிலேயே நல்ல சான்று இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். தான் வணங்கிய அரவிந்தரின் பெயரை வைத்தார். உலகம் வந்து பார்த்துப் போகிற அளவுக்கு அது வளர்ந்த பிறகும் பெயரில் “இன்டர்நேஷனல்” ஒட்டிக்கொள்ளவில்லை. 1985இல் தேனியில் கிளை வந்தது. 2000க்குப் பிறகு தேனியைச் சுற்றி அம்பாசமுத்திரம், போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறு மையங்களைத் திறந்து, நீண்ட தூர வைஃபை மூலம் தேனி மருத்துவமனையோடு இணைத்தபோது எடுத்த முடிவுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவற்றுக்குக் கிளை மருத்துவமனை என்று பெயரிடவில்லை. “விஷன் சென்டர்” என்றார்கள், ஊர்ப் பெயரைச் சேர்த்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியிலுள்ள டாக்டர் திரையில் பேசுவார், கண்ணாடி கிடைக்கும். ஆபரேஷன் என்றால் தேனிக்குப் போக வேண்டும். இங்கே கத்தி இல்லை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பெரிய பெயர் வைத்துக்கொள்ள எல்லாத் தகுதியும் உள்ள நிறுவனம், தன் மிகச் சிறிய அறைக்கு அந்த அறையின் அளவிலேயே பெயர் வைத்தது.

இலங்கைக்குப் போனால் இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே அரசு மருத்துவம் இலவசம்; அரசு நிபுணரே பணி நேரம் முடிந்ததும் தனியாரிடம் நோயாளி பார்க்கிறார். அதனால் நடுத்தர வர்க்கம் தேடிப் போவது கட்டடத்தை அல்ல, டொக்டரை. “இன்ன டொக்டரைச் சனல் பண்ணியிருக்கு” என்பதுதான் பேச்சு; எந்த இடத்தில் என்பது அடுத்த கேள்வி. சனலிங் சென்டரின் பெயர் எவ்வளவு மினுக்கினாலும் உள்ளே மாட்டியிருக்கும் நிபுணர் பட்டியல்தான் நெஞ்சை ஆற்றுகிறது. தெருமுனையிலுள்ள குடும்ப மருத்துவரின் இடம் இன்னும் பல ஊர்களில் டிஸ்பென்சரிதான். நாடி பார்த்து, அங்கேயே மருந்தும் கொடுத்து அனுப்புவார்கள். தனியாக மருந்துக் கடைக்கு அலைய வேண்டாம் என்ற நிம்மதி அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிறது. கம்பத்தில் “டிஸ்பென்சரி” என்று பலகை மாட்டினால் ஏதோ பழைய மிஷன் கட்டடம் என்றோ தொழிலாளர் காப்பீட்டு மருந்தகம் என்றோ நினைப்பார்கள்.

கம்பத்தில் மனதை இளக்குகிற “கிளினிக்” யாழ்ப்பாணத்தில் அதே வேலையைச் செய்யாது. அங்கே “நாளைக்குக் கிளினிக்” என்றால் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ அரசு வைத்தியசாலைக்கு மாதாந்தம் போகிற நாள். விடியற்காலையில் எழுந்து, கிளினிக் கொப்பியைப் பையில் வைத்து, நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருக்கிற நாள். அந்தக் காத்திருப்பிலிருந்து தப்பத்தான் காசு கொடுத்துத் தனியாரிடம் வருகிறார்கள்.

வட இலங்கையில் நிலைத்து நின்ற பெயர்களைப் பார்த்தால் ஊர்தான் ஜெயித்திருக்கிறது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, தமிழில் மருத்துவ நூல்களும் கொண்டுவந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீனின் நினைவாக அங்கே கிறீன் நினைவு வைத்தியசாலை இருக்கிறது. சனத்துக்கு அது மானிப்பாய் ஆஸ்பத்திரி. இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலைக்கும் இணுவில் ஆஸ்பத்திரி என்ற பேர்தான். கூட்டுறவாக எழுந்த மூளாய் ஆஸ்பத்திரிக்கு முதலிலிருந்தே ஊர்தான் பெயர். கொழும்பிலும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அப்பலோ என்ற இந்தியப் பெயரில் தொடங்கிய மருத்துவமனை கைமாறிய பின் லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் ஆனது. ஊரோ நாடோ ஏதாவது ஒன்றில் காலூன்றிக்கொள்வதுதான் அங்கே பழக்கம் போலும்.

தேனிப் பக்கம் ஊர்ப் பெயர் அவ்வளவாக எடுபடாது. “கம்பம் ஹாஸ்பிடல்” என்றால் அரசு மருத்துவமனை என்றே ஆட்டோக்காரர் கொண்டு போய் இறக்கிவிடுவார். இங்கே டாக்டரின் பெயர், பிள்ளையின் பெயர், சாமி பெயர், ஆறு, மலை, இவற்றில்தான் ஒன்றைத் தேட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எம்.டி. படித்த ஒருவர் கம்பத்தில் இரண்டு கட்டில், ஒரு இ.சி.ஜி. மெஷினோடு சின்ன இடம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். “லைஃப்”, “எமர்ஜென்சி”, “கிரிட்டிகல்” வகையறாவை முதலிலேயே தள்ளிவிட வேண்டும். சளிக்கு வந்தவருக்கு உயிரை நினைவூட்டுவானேன்? அதுவும் இரண்டு கட்டிலை வைத்துக்கொண்டு நள்ளிரவு மாரடைப்பை அழைப்பது ஆபத்து. “அமிர்தா” இனிமைதான், ஆனால் இடுக்கியிலிருந்து இறங்கி வருகிறவருக்குக் கொச்சியின் பெரிய மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். வீரபாண்டி கௌமாரியம்மன் இந்தப் பக்கத்தின் நோய் தீர்க்கும் தாய். தீச்சட்டி எடுக்காத குடும்பம் குறைவு. ஆனால் உத்தமபாளையத்து ராவுத்தர்களும் இராயப்பன்பட்டிக் கத்தோலிக்கர்களும் வந்து போகிற இடத்துக்குப் பொதுவான பெயர் இருந்தால் நல்லது. குச்சனூர் சனீஸ்வரர் எவ்வளவு பேர்பெற்றவரானாலும் அவர் பெயரை வைக்க எந்த டாக்டரும் துணியமாட்டார்.

சுருளி? அருவியின் குளிர்ச்சி காதிலேயே விழுகிறது. வெளியூர்க்காரர் உடனே இதைத்தான் சொல்வார். உள்ளூரில் சுருளி என்றால் அமாவாசைக்குப் போய் முன்னோருக்குத் திதி கொடுக்கிற இடம். நோயாளியின் பாட்டிக்கு முகம் மாறும். “பெரியாறு” வைக்கலாமா என்றால் 2011 டிசம்பரில் அணைக்காக இந்தப் பள்ளத்தாக்கே குமுளி நோக்கித் திரண்டது இன்னும் பழங்கதையாகவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்தும் நோயாளி வருகிற இடத்தில் அந்தப் பெயர் ஒரு கட்சி எடுத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

மிஞ்சுவது “முல்லை”. அதே ஆற்றின் மென்மையான பாதி, பூவின் பெயரும்கூட. மலையாளிக்கும் புரியும், போனில் ஒரு தடவை சொன்னால் போதும், எழுத்து பெரிதாகவும் பலகை சின்னதாகவும் இருக்கலாம். “முல்லை கிளினிக்” என்று மேலே போட்டு, கீழே டாக்டரின் பெயர், பட்டம், பதிவு எண். ஒரு நாள் அவர் இடத்தில் வேறொரு டாக்டர் உட்கார்ந்தாலும் மேல் வரி மாறாது. வெறும் “டாக்டர் இன்னார் கிளினிக்” என்று வைத்தால் அந்த வசதி இல்லை. ஆனால் சின்ன ஊரில் கைராசி டாக்டர் என்று பேர் எடுத்தவருக்குச் சொந்தப் பெயரைவிட நல்ல பலகையும் இல்லை. முதல் ஐந்து வருடம் பேர் எடுக்கிற வரைக்கும்தான் முல்லை அவரைத் தாங்க வேண்டும்.

அதே “முல்லை”யைத் தூக்கிக்கொண்டு போய் வவுனியாவிலோ சுன்னாகத்திலோ மாட்டினால் கதையே வேறு. அங்கே முல்லை என்றால் முல்லைத்தீவு. செய்தித்தாளில் அப்படித்தான் சுருக்குவார்கள். 2009ஐக் கடந்து வந்த ஒருவருக்கு அந்தச் சொல் பூவாக மட்டும் கேட்காது. சுன்னாகத்து டொக்டருக்கு ஊர்ப் பெயரோ தன் பெயரோதான் நல்லது. பல இடங்களில் பலகை மூன்று மொழியில் இருக்க வேண்டியிருப்பதால் சிங்கள எழுத்திலும் சிதையாத பெயராகப் பார்ப்பதும் வழக்கம். கண்டியில் “சுவசெவன” போன்ற சிங்களப் பெயர்கள் சுகத்தையும் நிழலையும் சொல்வதைப்போல் தமிழ்ப் பக்கம் ஒரு பொதுச் சொல் இன்னும் ஊன்றவில்லை. பெயர் முடிவானதும், சொந்தப் பெயர் அல்லாவிட்டால் வணிகப் பெயராகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வகை தேர்ந்தெடுக்க வேண்டும். முழுநேரப் பொது மருத்துவம் ஒரு வகை, பகுதிநேரம் வேறு வகை, சனலிங் நடத்தும் மெடிக்கல் சென்டர் இன்னொன்று, தனியார் வைத்தியசாலையும் நர்சிங் ஹோமும் மற்றொன்று. அரசாங்க வேலை முடிந்து மாலையில் மட்டும் திறக்கிற டொக்டர், பகுதிநேரம் என்ற வகையில் பதிந்துவிட்டுப் பலகையில் “ஹொஸ்பிட்டல்” என்று எழுதினால், ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.