துணியோடு உருளும் சக்கரம்

துணி வெட்டும் எந்திரத்தில் கத்திக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் என் கண் அதன் முன்னால் துணிமேல் மெல்ல அமர்ந்து உருளும் அளவுச் சக்கரத்தில்தான் நிற்கிறது. சுற்றளவு 200 மில்லிமீட்டர். அச்சிலுள்ள என்கோடர் ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ் தரும். ஆக ஒரு பல்ஸ் 0.2 மில்லிமீட்டர், 5 மீட்டருக்கு 25,000. அந்த எண் வந்ததும் துணி நிற்கும், கத்தி இறங்கும். துணி நகர்ந்தும் சக்கரம் நூற்றுக்கு ஒரு பங்கு வழுக்கினால், எண் நிறைவதற்குள் 5 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும். துண்டு நீளமாக விழும். துணி நின்றபின் சக்கரம் தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் உருண்டால், அடுத்த துண்டு குட்டை. கவுண்டரில் திருத்த எண் போட்டால் போதாதா என்பார்கள். சக்கரம் தேய்ந்திருந்தால் போதும். அந்தப் பிழை எல்லாத் துண்டிலும் ஒரே விகிதத்தில் வரும். வழுக்கல் அப்படியல்ல. மெதுவாக ஓட்டிப் பத்துத் துண்டு, முழு வேகத்தில் பத்துத் துண்டு வெட்டி மேஜையில் விரித்து அளந்தால் தெரியும்: வேகத்தோடு நீளம் மாறினாலோ, துண்டுக்குத் துண்டு சிதறினாலோ, சந்தேகம் வழுக்கல்மேல்தான். அழுத்தி வைத்தால் வழுக்காதே என்பதும் பாதி உண்மை. பின்னல் துணி அந்த அழுத்தத்தில் இழுபட்ட நிலையில் அளக்கப்பட்டு, வெட்டியபின் சுருங்கிக் குறையும். வழுக்காத அளவுக்குக் கனமும் இழுக்காத அளவுக்கு லேசுமாக சக்கரத்தை அழுத்தும் ஸ்பிரிங்கைத் திருகி வைக்கிற விரல்களில்தான் இந்தக் கைத்திறன் இருக்கிறது.