கரை எதில், விரிவு எதில்: பாவாடை, ரவிக்கை, தாவணி எழுதும் முறை

1960 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. எல்லைக்கோடு மாறியதே தவிர, உடுப்பு அப்படியேதான் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டில் பாவாடை தாவணி என்பதை, நகரியிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் லங்கா வோணி என்பார்கள். சடங்கு வீடுகளில் இப்போது மூன்றாவதாக லெஹங்காவும் நுழைந்துவிட்டது. மூன்றிலும் உருப்படிகள் மூன்றுதான்: இடுப்புக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, போர்த்திக்கொள்ள ஒன்று.

குழப்பம் ஆர்டர் சொல்லும்போதுதான் தொடங்குகிறது. “நல்ல விரிவா, கனமான பார்டர், துப்பட்டா தனி, அரக்கும் பச்சையும்” என்று ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவருக்கு என்ன புரியும்? பார்டர் பாவாடைக்கா, துப்பட்டாவுக்கா? பச்சை எதற்கு? ‘தனி’ என்றால் வேறு துணியா, அல்லது இடுப்போடு சேர்த்துத் தைக்காமல் விட்டதா? உடனே உடுத்திக்கொள்ள வசதியாகத் தாவணியை இடுப்பில் சேர்த்தே தைத்து விற்பதும் உண்டு என்பதால், அந்தக் கேள்விக்கும் இடமிருக்கிறது.

இதில் விரிவும் கரையும் ஒன்றையொன்று பாதிப்பவை. காஞ்சிபுரம் மரபில் கரை தறியிலேயே பிறக்கிறது; கோர்வை முறையில் உடலும் கரையும் வேறு வேறு நாடாவால் நெய்யப்பட்டுக் கோக்கப்படும். அந்தக் கரை நேர்கோடு. பட்டுப்பாவாடைக்கு 4 மீட்டர் துணியை அப்படியே நேராக எடுத்து, 28 அங்குல இடுப்புக்குள் கொசுவமாக அடக்குவார்கள். அடியில் கரை 4 மீட்டரும் சுருங்காமல் ஓடும். வளர்கிற பெண்ணுக்குக் கரைக்கு மேலே டக் பிடித்து வைத்து, பிறகு பிரித்து நீளம் கூட்டுவதும் இந்த நேர்த்துணியால்தான் முடிகிறது.

வட்டமாக வெட்டும் அம்பர்லா பாவாடையில் கணக்கே வேறு. இடுப்பு 28, உயரம் 40 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் முழு வட்டத்தின் அடிச்சுற்று சுமார் 280 அங்குலம், 7 மீட்டருக்கும் மேல். அதில் 6 அங்குலக் கரை வைத்தால், கரையின் மேல் விளிம்புக்கு 242 அங்குலம்தான் இடம். மிச்சமிருக்கும் 38 அங்குலத்தை எங்கே கொண்டுபோவது? நேராக நெய்த ஜரிகைக் கரையை அப்படியே ஒட்டினால் மேல் விளிம்பு சுருண்டு நிற்கும். அதனால்தான் வட்ட வெட்டுக்குக் கரையை எம்பிராய்டரியாகத் துணியிலேயே போடுவதோ, வளைவுக்கு ஏற்பத் துண்டு துண்டாக வெட்டி இணைப்பதோ வழக்கம்.

ராஜஸ்தான், குஜராத் பக்கத்துக் கலி முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற துண்டுதான் கலி. அடியில் 16 அங்குலம் வருகிற 12 கலிகளை இணைத்தால் சுற்று 192 அங்குலம். அதே 6 அங்குலக் கரைக்கு ஒவ்வொரு கலியிலும் 2 அங்குலம் மட்டுமே குறைக்க வேண்டும். அதைத் தையல் இணைப்பிலேயே மறைத்துவிடலாம். ஆனால் கரையில் அன்னமோ மயிலோ இருந்தால் இணைப்பில் பாதியாக வெட்டுப்படும். நல்ல தையற்காரர் இரண்டு அன்னங்களுக்கு நடுவே இணைப்பு விழும்படி வைப்பார். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ஆகவே ஆர்டரை உருப்படிக்கு ஒரு வரியாக எழுதுங்கள். முதல் வரி பாவாடைக்கு மட்டும் போகட்டும்: “அரக்குப் பட்டு, 12 கலி, உயரம் 40, அடிச்சுற்று 192 அங்குலம், அடியில் 6 அங்குல ஜரிகைக் கரை, உள்ளே பருத்தி லைனிங்.” விரிவை ‘அகலம்’ என்று எழுதாமல் அடிச்சுற்றாக எழுதினால் சண்டை வராது, பாவாடையைத் தரையில் பரப்பி டேப்பை விளிம்போடு ஓட்டினால் சரிபார்த்துவிடலாம். கேன்கேன் வலை வைத்துத் தூக்கிக் காட்டும் விரிவு வேறு, துணியிலேயே இருக்கும் விரிவு வேறு என்பதும் அப்போது தெரிந்துவிடும். கரை கனமானால் வெறும் நாடா இடுப்பை அறுக்கும். அகலப் பட்டியும் ஊக்கும் வேண்டுமென்பதை இதே வரியில் சேர்க்கலாம்.

இரண்டாவது வரி ரவிக்கைக்கு: “அதே அரக்கு, முழங்கை வரை கை, கை ஓரத்தில் 2 அங்குலக் கரை.” கை ஓரக் கரையைப் பாவாடைக் கரையிலிருந்து எடுக்க வேண்டுமா, தனியாக வாங்க வேண்டுமா என்பதை விட்டுவிட்டால் தையற்காரர் தானாக ஒரு முடிவெடுப்பார்.

மூன்றாவது வரியில்தான் பச்சை வரவேண்டும்: “கிளிப்பச்சை ஜார்ஜெட், தைக்காதது, நீளம் இரண்டரை மீட்டர், நாலு ஓரமும் ஒரு அங்குலச் சன்னக் கரை.” இடுப்பில் செருகி இடத்தோளுக்கு ஏற்றும் தாவணியானால் 3 மீட்டர் வரை போகலாம், செருகாமல் தோளில் மட்டும் போடும் துப்பட்டாவுக்கு இரண்டரையே தாராளம். மெல்லிய ஜார்ஜெட்டில் 6 அங்குலக் கரையை ஏற்றினால் அது தோளில் நிற்காது, ஊசி குத்திய இடத்தில் கிழியும். பாவாடையின் கனமான கரை துப்பட்டாவுக்கும் உண்டென்று கடைக்காரர் நினைத்துக்கொள்ளாமல் இருக்கவே ‘சன்னக் கரை’ என்று தனியாக எழுதுவது.